பதினொரு படம், ஒரே தண்ணீர்
(நம் குடியிருப்பின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் நம்மில் பதினாறு பேர் வேன் எடுத்துக்கொண்டு பாபநாசம் முதல் எங்கள் சாத்தான்குளம் வரை இரண்டு நாள் சுற்றி வந்தோம். ஆறு செல்போன்களில் 140 படங்கள். அதில் நல்லதாக இருபதை எடுத்து இன்ஸ்டாகிராமில் ஒரே பதிவாகப் போடலாம் என்றார்கள். கரோசல் என்கிறார்களே, விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது, அதுதான். 2017ல் அந்த வசதி வந்தபோது பத்துப் படம்தான் போடலாம். 2024 ஆகஸ்டில் இருபது ஆக்கினார்கள். படம் இருபது ஆனாலும் கீழே எழுதும் கேப்ஷன் மட்டும் ஒன்றுதான். இன்று நான் பேச வந்தது அந்த ஒரு கேப்ஷனைப் பற்றி.

முதலில் எழுதி வந்தது இது: "பாபநாசம், அம்பை, நெல்லை, ஸ்ரீவைகுண்டம் இனிய பயணம். இறைவனுக்கு நன்றி." குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊர்ப் பெயரை மாற்றினால் இதே வரி கொடைக்கானலுக்கும் பொருந்தும், காசிக்கும் பொருந்தும். படங்களை முன்பின்னாகக் கலைத்துப் போட்டாலும் இந்த வரிக்கு ஒன்றும் ஆகாது. இந்த இரண்டையும் நீங்களே செய்து பாருங்கள். ஊரை மாற்றியும் பொருந்துகிறது, கலைத்தாலும் கெடவில்லை என்றால், அதில் படங்களைக் கோக்கும் நூல் இல்லை என்று அர்த்தம்.

நூலை எங்கே தேடுவது? படங்களுக்குள்ளேயேதான். 140 படத்தையும் ஓடவிட்டுப் பார்த்தபோது, யாரும் திட்டமிடாமலே பாதிக்கு மேல் தண்ணீர் இருந்தது. படித்துறை, அருவி, அணைக்கட்டு, வாய்க்கால். தாமிரபரணிக் கரையில் போனால் வேறென்ன இருக்கும் என்பீர்கள். சரிதான். ஆனால் 'தண்ணீர்' என்பது வெறும் தலைப்பு. தலைப்பு படங்களைக் கூட்டி வைக்கும், அடுத்த படத்துக்குத் தள்ளாது. அதனால் அதை ஒரு கேள்வியாக்கினோம்: இந்தத் தண்ணீர் எதுவரை போகிறது?

கேள்வி வந்ததும் வரிசை தானாக மாறியது. குறுக்குத்துறை முருகன் கோயில் படம் கடைசி நாள் மாலை எடுத்தது. நாங்கள் போன நேரப்படி அது கடைசியில் வரவேண்டும். ஆற்றின்படி அது நடுவில். ஆற்றின் வரிசையையே வைத்தோம். நாம் எத்தனை மணிக்கு எங்கே இருந்தோம் என்பது பார்ப்பவர்களுக்கு வேண்டாத கணக்கு.

எதை நீக்குவது என்பதும் அதே கேள்வியால் முடிவானது. இதில்தான் சண்டை. நெல்லையில் அல்வா வாங்க வரிசையில் நின்ற படம் ஒன்று, எல்லோரும் சிரிக்கிறார்கள், அருமையான படம். "தாமிரபரணித் தண்ணீர் அல்வா வரைக்கும் போகிறதே சார்!" என்று ஒரு நண்பர் வாதாடினார். வாதம் இனிப்புதான். ஆனால் அந்தப் படத்தில் தண்ணீர் கண்ணுக்குத் தெரியவில்லை. நூல் படத்திலேயே தெரிய வேண்டும், கேப்ஷனில் சமாதானம் சொல்லி ஒட்டவைக்கக் கூடாது என்பது என் கட்சி. கல்லிடைக்குறிச்சி அப்பளமும் அப்படியே வெளியே போனது. அந்தப் படங்களை நம் வாட்ஸ்அப் குழுவில் தனியாகப் போட்டுவிட்டோம், யாருக்கும் மனக்குறை இல்லை. மிஞ்சியது பதினொன்று.

பதினொன்றில் கடைசிப் படத்தில் தண்ணீரே கிடையாது. சாத்தான்குளம் பக்கத்துத் தேரி, சிவப்பு மணல், இரண்டு பனை. அல்வாவை நீக்கிவிட்டு இதை எப்படி வைத்தாய் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். முதலாவது கோடைமேலழகியான், கடைசி ஸ்ரீவைகுண்டம். ஏழு பழங்காலத்தவை, ஸ்ரீவைகுண்டம் மட்டும் வெள்ளைக்காரர் காலத்தது. ஒவ்வொன்றிலும் ஆற்றிலிருந்து கால்வாய் பிரிந்து வயலுக்கும் குளத்துக்கும் போகிறது. இவற்றில் மூன்றாவதான கன்னடியனில் மிஞ்சும் வெள்ளத்தை வறண்ட தெற்குப் பகுதிக்குத் திருப்பத்தான் தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்புத் திட்டம் 2009ல் தொடங்கியது. வெள்ளாங்குழியில் தொடங்கும் அந்தக் கால்வாய் சுமார் 75 கிலோமீட்டர் ஓடி முடிகிற இடம் எங்கள் பக்கத்து எம்.எல். தேரி. ஆக, கன்னடியன் படத்தில் கேட்ட கேள்விக்குத் தேரிப் படம்தான் பதில். தண்ணீர் இல்லாத படம் என்றாலும் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கிற இடம் கண்முன் தெரிகிறது. அல்வாவுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். நடுவில் நிற்கும் படம் நூலை விட்டுவிடக் கூடாது. கடைசிப் படம் அதை முடிச்சுப் போட்டால் போதும்.

கேப்ஷன் கடைசியில் இப்படி அமைந்தது:

"தாமிரபரணித் தண்ணீர் எதுவரை போகிறது என்று பார்க்கப் போனோம். படம் 1, 2 பாபநாசம், இன்னும் முழு ஆறு. படம் 3 கோடைமேலழகியான், இங்கேதான் முதல் பங்கு பிரிகிறது. படம் 4 கன்னடியன், இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். படம் 5 வயலோரக் கால்வாய். 6, 7 குறுக்குத்துறை, 2023 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்த கோயில். 8 மருதூர், 9 ஸ்ரீவைகுண்டம், கடைசி அணைக்கட்டு. அதைத் தாண்டினால் 10, கடலைப் பார்த்துப் போகும் ஆறு. படம் 11 சாத்தான்குளம் தேரி. கன்னடியனில் மிஞ்சும் வெள்ளம் 75 கிலோமீட்டர் கடந்து வந்து சேரவேண்டிய இடம் இதுதான்."

இதில் சில விஷயங்களைக் கவனியுங்கள். முதல் வாக்கியத்திலேயே கேள்வி வந்துவிடுகிறது. கேப்ஷனின் தொடக்கம் மட்டுமே வெளியே தெரியும், சுமார் 125 குறிகள். மீதியைத் தொட்டுத்தான் திறக்க வேண்டும். நன்றி, வணக்கம் எல்லாம் முன்னால் வைத்தால் அந்த இடம் அதிலேயே போய்விடும். தமிழில் இன்னொரு சங்கடம்: கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் குறியாகவே எண்ணப்படும். 'தாமிரபரணி' நமக்கு ஆறு எழுத்து, அதற்கு ஒன்பது. ஆகவே 125 என்பது தமிழில் பத்துப் பன்னிரண்டு சொல்தான். மொத்த வரம்பு 2,200. அது நமக்குத் தாராளம்.

அடுத்தது, நான்காம் படத்தில் ஒன்றை நினைவில் வைக்கச் சொல்லி, பதினொன்றில் அதை எடுத்துக் கொடுத்திருக்கிறோம். எல்லாப் படத்துக்கும் சமமாக ஒரு வரி எழுதினால் பேரேட்டைப் படிப்பது போலிருக்கும். நான் 34 வருஷம் பேரேடு படித்தவன், அதன் சுகம் எனக்குத் தெரியும். ஒன்பதாம் படத்துக்கு நான்கு சொல் போதும். முடிச்சு விழும் இடத்தில் இரண்டு வாக்கியம் ஆகலாம்.

படத்தின் எண்ணைக் குறிப்பிட்டால், பதிவிடும் முன் வரிசையை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கடைசி நேரத்தில் ஒரு படத்தை எடுத்துவிட்டால் குறுக்குத்துறை என்று சொன்ன இடத்தில் மருதூர் நிற்கும். கேப்ஷனைப் பிறகும் திருத்தலாம், ஆனால் அதற்குள் பத்துப் பேர் பார்த்திருப்பார்கள். நெட்டுப் படமும் குறுக்குப் படமும் கலந்தால் ஓரங்கள் வெட்டுப்படலாம். அணைக்கட்டுப் படத்தில் ஓரம் போனால் பிரியும் கால்வாயே போய்விடும். முன்னோட்டத்தில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள்.

வாட்ஸ்அப்பில் இந்த முறை அப்படியே செல்லாது. அங்கே ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே எழுதலாம், ஆனால் யாராவது பதினொன்றாம் படத்தை மட்டும் வேறு குழுவுக்கு அனுப்பிவிடுவார்கள். மணலும் பனையும் தனியாகப் போய்ச் சேரும். அதனால் அங்கே தேரிப் படத்தின் அடியிலேயே கன்னடியனையும் 75 கிலோமீட்டரையும் முழு வாக்கியமாக எழுதி அனுப்பினோம்.