லிமிட்டை ஏத்தணும்னு கை போகும்போது கவனிங்க

இன்னைக்கு எபிசோட், என் ஹாஸ்டல் ரூம்மேட் ஒருத்தனோட கதை. அவன்கிட்ட கேட்டுட்டுதான் சொல்றேன். பேர் மட்டும் வேண்டாம்னுட்டான்.

அவன் இப்போ இங்கிலாந்துல, லீட்ஸ்ல, சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்க்கிறான். அங்க பெட்டிங் சட்டப்படி நடக்கிற தொழில். உரிமம் வாங்கின ஆப்ல யார் வேணும்னாலும் கால்பந்துக்கோ கிரிக்கெட்டுக்கோ பணம் கட்டலாம், 18 வயசு ஆகியிருந்தா போதும். இவனும் சனிக்கிழமை மேட்ச்சுக்கு 5 பவுண்ட் கட்டுவான். ஒரு வருஷம் அப்படியே போச்சு.

அப்புறம் ஒரு சனிக்கிழமை. மதியம் 20 பவுண்ட் போட்டான், போச்சு. அதை எடுக்கணும்னு இன்னொரு 20. அதுவும் போச்சு. சாயங்காலம் 50. ராத்திரி ஒரு மணிக்கு, எங்கேயோ நடந்த டேபிள் டென்னிஸ் மேட்ச் மேல 100. மொத்தம் 190 பவுண்ட். என்கிட்ட சொன்னப்போ, "பணம் போனதைக் கூட விடுடா. அந்த ரெண்டு பிளேயர் பேரையும் நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல"ன்னான்.

அந்த வாக்கியத்துலதான் முதல் அறிகுறி இருக்கு. ஆட்டம் பிடிச்சு பெட் கட்டினது முடிஞ்சு, விட்ட காசை எடுக்க ஏதாவது ஒரு ஆட்டம் தேடுற நிலைமை வந்துடுச்சு. சூதாட்டப் பிரச்சினையை அளக்க 2001-ல கனடாவுல உருவாக்கின ஒன்பது கேள்விப் பட்டியல் ஒண்ணு இருக்கு. பிரிட்டன்லயும் அதைத்தான் பயன்படுத்துறாங்க. கடந்த 12 மாசத்துல, தாங்க முடியாத அளவு பணம் கட்டினீங்களா? அதே த்ரில் கிடைக்கத் தொகையை ஏத்த வேண்டி வந்துச்சா? விட்டதைப் பிடிக்க இன்னொரு நாள் திரும்பிப் போனீங்களா? கடன் வாங்கினீங்களா, எதையாவது வித்தீங்களா? இப்படிப் போகும். 'இல்லவே இல்லை'ன்னா 0, 'எப்பவாவது'ன்னா 1, 'பெரும்பாலும்'னா 2, 'கிட்டத்தட்ட எப்பவும்'னா 3. கூட்டினா 8 அல்லது அதுக்கு மேல வந்தா, பிரச்சினை முத்திடுச்சுன்னு அர்த்தம்.

சிக்கல் என்னன்னா, நமக்கு நாமே மார்க் போடும்போது கை தாராளமாயிடும். அதனால நான் அவனை வேற ஒண்ணு செய்யச் சொன்னேன். பேங்க் ஸ்டேட்மென்ட்டை இறக்கி, பெட்டிங் ஆப்புக்குப் போன வரிகளை மட்டும் தனியா எடு. தொகையைப் பார்க்காத, ஒரே நாள்ல எத்தனை தடவை, எத்தனை மணிக்குப் போட்டிருக்கன்னு பாரு. முதல் சில மாசம் வாரத்துக்கு ஒரு வரி, சனிக்கிழமை காலையில. கடைசி ரெண்டு மாசம் ஒரே ராத்திரியில நாலு வரி, புதன்கிழமை, சம்பள நாள். அந்த ஷீட்டைப் பார்த்துட்டு அவன் ரொம்ப நேரம் எதுவும் பேசல.

சரி, டெபாசிட் லிமிட்டுக்கு வருவோம். ஆப்ல ஒரு நாளைக்கோ வாரத்துக்கோ மாசத்துக்கோ இவ்வளவுதான் உள்ள போடுவேன்னு நாமே வரம்பு வைக்கலாம். அவன் மாசம் 60 பவுண்ட் வெச்சான். அது எப்படி வந்துச்சு? வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்புறது, சேமிப்பு எல்லாம் போக, தொலைஞ்சாலும் யார்கிட்டயும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத தொகை எவ்வளவுன்னு பார்த்தான். இதைத் தோத்த ராத்திரியில செய்யக் கூடாது, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காபி குடிச்சுக்கிட்டே செய்யணும்.

பிரிட்டன் விதி ஒண்ணு இதுல முக்கியம். லிமிட்டைக் குறைச்சா உடனே அமலுக்கு வரும். ஏத்தணும்னு கேட்டா குறைஞ்சது 24 மணி நேரம் காத்திருக்கணும், அதுக்கப்புறம் இன்னொரு தடவை உறுதி செய்யணும். ராத்திரி ஒரு மணிக்குக் கேக்கிற ஆளும் மறுநாள் ராத்திரி பதில் சொல்ற ஆளும் ஒரே மனநிலையில இருக்க மாட்டாங்க. அந்த நம்பிக்கையிலதான் லிமிட் வேலை செய்யுது.

ஆனா ஓட்டையும் இருக்கு. லிமிட் பொதுவா நீங்க உள்ள போடுற பணத்தைத்தான் எண்ணும். அக்கவுன்ட்லயே 300 பவுண்ட் ஜெயிச்சுக் கிடந்தா, அது முழுசையும் ஒரே ராத்திரியில விடலாம், லிமிட் தடுக்காது. அதனால ஜெயிச்ச பணத்தை அன்னைக்கே பேங்க்குக்கு எடுத்துடணும். இன்னொரு ஓட்டை, லிமிட் அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும்தான். நம்ம ஆள் அதுலதான் விழுந்தான். 11-ஆம் தேதியே 60 தீர்ந்துடுச்சு. ஏத்தச் சொல்லிக் கேட்டான், 24 மணி நேரம் கழிச்சு நிதானமா உறுதியும் செஞ்சான். நடுவுல பொறுக்க முடியாம வேற ஆப்ல புது அக்கவுன்ட் வேற திறந்தான்.

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. நிதானமா இருந்தப்போ நீங்களே வெச்ச வரம்பை, நீங்களே சுத்திப் போறீங்க. இந்த இடத்துல லிமிட்டை இன்னும் குறைச்சுப் பார்க்கலாம்னு யோசிக்கிறதுல பிரயோஜனம் இல்ல. கதவையே சாத்தணும்.

கதவு ரெண்டு வகை. டைம்-அவுட்னு ஒரு இடைவேளை இருக்கு, 24 மணி நேரத்துலேர்ந்து ஆறு வாரம் வரை. சம்பள வாரம், பெரிய டோர்னமென்ட் மாதிரி, எப்போ கை அரிக்கும்னு முன்னாடியே தெரிஞ்சா இது போதும். ஆனா இதுவும் அந்த ஒரு ஆப்புக்கு மட்டும்தான். இன்னொண்ணு கேம்ஸ்டாப். இலவசம். ஒரு தடவை பதிவு பண்ணா, பிரிட்டன்ல உரிமம் உள்ள எல்லா ஆன்லைன் நிறுவனமும் உங்களை வெளிய வைக்கணும். ஆறு மாசம், ஒரு வருஷம், அஞ்சு வருஷம்னு தேர்வு. நடுவுல மனசு மாறினா திறக்க முடியாது. தெருமுனை பெட்டிங் கடையையோ உரிமம் இல்லாத வெளிநாட்டு சைட்டையோ அது தடுக்காது. அதுக்காகப் பேங்க் ஆப்லயும் சூதாட்டப் பரிவர்த்தனையை நிறுத்துற பட்டன் இருக்கு. பல பேங்க்ல அதை அணைச்சா 48 மணி நேரம் கழிச்சுதான் பணம் போகும். நம்ம ஆள் ஒரு வருஷம் கேம்ஸ்டாப் போட்டான், பேங்க் பட்டனையும் போட்டான். இப்போ எட்டாவது மாசம். சனிக்கிழமை மதியம் இன்னும் கஷ்டமாத்தான் இருக்குங்கிறான்.

இந்தியாவுல இருந்து கேக்கிறவங்களுக்கு நிலைமை வேற. பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டுகளை 2025 சட்டம் தடை பண்ணியிருக்கு. டெலிகிராம் லிங்க்ல வர்ற சைட்டுகள் எந்த விதியையும் மதிக்கிறதில்ல. அங்க லிமிட்னு ஒரு பட்டன் இருந்தாலும் அதை நம்ப முடியாது. அதனால வரம்பை உங்க பக்கம் வைங்க. பேங்க் ஆப்ல பரிவர்த்தனை உச்சவரம்பைக் குறைங்க. சம்பளம் வேற அக்கவுன்ட்டுக்குப் போகட்டும், யூபிஐ இருக்கிற அக்கவுன்ட்ல வாரச் செலவு மட்டும் இருக்கட்டும். அந்த முதல் அக்கவுன்ட்டை வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர் பார்க்கிற மாதிரி வெச்சா இன்னும் நல்லது.

பேச யாராவது வேணும்னா இந்தியாவுல டெலி மானஸ் 14416, தமிழ்லயும் பேசலாம். பிரிட்டன்ல 0808 8020 133. ரெண்டும் இலவசம், ராத்திரி ஒரு மணிக்கும் எடுப்பாங்க.

இன்னைக்கு ராத்திரி அந்த ஸ்டேட்மென்ட்டை மட்டும் ஒரு தடவை இறக்கிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.