மாணவர் செயற்றிட்டமும் நுண்கட்டுப்படுத்தியும்

பசுமைக் குடிலொன்றின் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, நினைவட்டையில் எழுதி, சிறு திரையிலும் காட்டும் கருவியொன்றை இறுதியாண்டு மாணவர் மூவர் செய்ய முற்படுகின்றனர் எனக் கொள்ளலாம். அக்கருவியின் மூளையாக அமைவது மைக்ரோகொன்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தி. ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே ஆர்டுயினோ ஊனோ பலகை இருக்கிறது, அதிலுள்ள ஏ.டி.மெகா 328பி என்னும் சில்லு கைக்குப் பழகியது. ஆகவே அதுவே போதும் என்று தொடங்கிவிடுவது வழக்கம். ஆனால் தொடங்குமுன் போட்டுப் பார்க்கவேண்டிய கணக்கொன்று உண்டு.

அச்சில்லில் முக்கியமான நினைவகங்கள் இரண்டு. நிரல் குடியிருக்கும் பிளாஷ் நினைவகம் 32 கிலோபைற்று. வேலை நடக்கும்போது மாறிக்கொண்டிருக்கும் தரவுகளைத் தாங்கும் ராம் நினைவகம் 2 கிலோபைற்று, அதாவது 2048 பைற்று மட்டுமே. முன்னதைப் புத்தக அலுமாரிக்கும் பின்னதை எழுதும் மேசைக்கும் ஒப்பிடலாம். அலுமாரி பெரிதாயிருப்பதால் மேசை அகலமாகிவிடாது.

இனி மேசையை அளந்து பார்ப்போம். திரையில் அகலவாட்டில் 128 புள்ளிகளும் உயரவாட்டில் 64 புள்ளிகளும் உள்ளன. புள்ளிக்கு ஒரு பிற்று வீதம், முழுப் படத்தையும் வைத்திருக்க 1024 பைற்று வேண்டும். நினைவட்டை 512 பைற்றுக் கட்டுகளாகவே எழுதப்படுவதால், அதற்கு 512 பைற்று. இவ்விரண்டும் சேர்ந்து 1536. எஞ்சுவது 512. அதில் தொடர்பாடல் நூலகங்கள் தம் தாங்கிகளுக்காக ஏறத்தாழ 290 பைற்றை எடுத்துக்கொள்கின்றன. மற்றெல்லா மாறிகளுக்கும், செயல்கள் ஒன்றையொன்று அழைக்கும் அடுக்குக்கும் மீதியாவது ஏறத்தாழ 220 பைற்றே.

துன்பம் என்னவெனில், தொகுப்பி இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. பெயர்பெற்ற திரை நூலகமொன்று அந்த 1024 பைற்றை நிரல் ஓடத் தொடங்கிய பின்னரே கேட்டு வாங்குகிறது. ஆகவே தொகுப்பியின் அறிக்கையில் இடம் தாராளமாகவே தெரியும். கருவியோ திரை இருண்டு நிற்கும். அல்லது இடையிடையே தானாக மீளத் தொடங்கும். மாணவர் கம்பிகளை ஐயுற்று நாட்களைக் கழிப்பர். நோயை அறியும் வழி எளிது: திரையை நீக்கினால் அட்டை ஒழுங்காக எழுதும், அட்டையை நீக்கினால் திரை ஒழுங்காகக் காட்டும், இரண்டும் சேர்ந்தால் மாத்திரம் பிழைக்கும். அப்போது குற்றம் கம்பியில் அன்று, நினைவகத்தில் என்று துணியலாம்.

படத்தை எட்டுப் பட்டிகளாகப் பிரித்து, ஒருமுறைக்கு 128 பைற்று மட்டும் வைத்து வரையும் நூலகத்தைக் கொண்டு பழைய சில்லையே காப்பாற்றலாம். பின்னர் வேறு வசதி எதுவும் சேர்க்க நினைத்தால் மீண்டும் இடம் முட்டும். ஆகவே 264 கிலோபைற்று ராம் உடைய ஆர்.பி. 2040 சில்லை ஒப்பிட்டுப் பார்ப்பது தகும்.

புறச்சாதன இணைப்புகளைப் பொறுத்தவரை, திரையும் உணரியும் ஐ-இரண்டு-சி எனும் இரு கம்பிகளிலும், அட்டை எஸ்.பி.ஐ. இணைப்பிலும் அமைவதால், இரு சில்லுகளும் போதுமானவையே. தொடர்முறை இணைப்பில் மட்டும் வேறுபாடு உண்டு. ஊனோவில் இருப்பது ஒன்று. நிரல் ஏற்றுவதும் அதன் வழியே. புதியதில் இரண்டு உள்ளன.

பொதியைப் பார்த்தால், 328பி இருபத்தெட்டுக் கால்களுடன் சோதனைப் பலகையில் நேரே பொருந்தும் வடிவிலும் கிடைக்கும். ஆர்.பி. 2040 கால்களற்றது, 7 மில்லிமீற்றர்ச் சதுரம், 56 தொடுமுனைகள். கையால் ஒட்டுவது மாணவர்க்கு அரிது. ஆதலின் அதனைத் தாங்கிய பிக்கோ பலகையையே வாங்குதல் வேண்டும்.

அப்பலகை 2021 சனவரியில் 4 டொலர் விலையில் வெளிவந்தது. விலையை ஒப்பிடும்போது சில்லை மட்டும் நோக்கலாகாது. நினைவட்டை 3.3 வோல்ற்றில் இயங்குவது. 5 வோல்ற்றில் இயங்கும் ஊனோவுக்கு இடையே மின்னழுத்தம் மாற்றும் பகுதி வேண்டும், பிக்கோவுக்கு வேண்டியதில்லை.

கருவித்தொகுதியைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இலவசத் தொகுப்பி உண்டு. பிக்கோவின் பொத்தானை அழுத்தியவாறு கணினியில் செருகினால், அது ஒரு சேமிப்பு வட்டாகத் தோன்றும். நிரற் கோப்பை அதிற் போட்டால் போதும். பிழை தேட நேர்ந்தால் இரண்டாவது பிக்கோ பலகையே சோதிகருவியாக உதவும்.

எனினும், மாதக்கணக்கில் சிறு மின்கலத்தில் இயங்கவேண்டிய கருவிக்குப் பிக்கோ ஏற்றதன்று. உறக்கநிலையிலும் அப்பலகை ஏறத்தாழ 0.8 மில்லியம்பியர் உண்ணும். 2000 மில்லியம்பியர்-மணி மின்கலம் நூறு நாளளவில் தீரும். தனித்த 328பி சில்லோ உறக்கத்தில் மைக்ரோ அம்பியர் அளவிலேயே உண்கிறது. பசுமைக் குடிலில் மின்னிணைப்பு இருப்பின் பிக்கோவைத் தேர்ந்து, திரையையும் அட்டையையும் முதல் வாரத்திலேயே ஒருங்கே இயக்கிப் பார்த்தல் நன்று. மின்னிணைப்பு இல்லையேல் திரையைக் கைவிட்டு, 328பி சில்லோடு அமைவதே முறை.