தடங்கலுக்குப் பின் சிரிக்கலாமா?



மின்பணப்பை நிறுவனம் ஒன்றின் சேவை, வெள்ளிக்கிழமை மதியம் 12.30 முதல் 1.10 வரை முடங்கியது என்று வைத்துக்கொள்வோம். சேவை திரும்பியதும், முகநூல் பக்கத்தைக் கவனிக்கும் இளைஞர், "நாங்களும் சாப்பிடப் போய்விட்டோம்!" என்று ஒரு பதிவை எழுதி வைத்திருக்கிறார். அதை வெளியிடலாமா?

தடங்கல் 40 நிமிடம்தான் என்பதை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. வாடிக்கையாளரின் இழப்பு இன்னும் மிச்சமிருக்கிறதா என்பதே கேள்வி. எனவே அந்த இளைஞர் தொழில்நுட்பப் பிரிவிடம், "சேவை வந்துவிட்டதா?" என்று கேட்டால் போதாது, "பாதியில் நின்ற பணம் திரும்பிவிட்டதா?" என்றும் கேட்க வேண்டும்.

ஒருவர் கணக்கில் 18 ரிங்கிட் கழிந்து, கடைக்காரருக்குப் போய்ச் சேராமல் நின்றிருக்கலாம். அவர் கையிலிருந்த ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு வந்திருப்பார். அந்த 18 ரிங்கிட் திரும்பும்வரை அவருக்குத் தடங்கல் முடியவில்லை. அந்த நேரத்தில் வரும் நகைச்சுவை, அவரைப் பார்த்துச் சிரிப்பதாகவே படும்.

இதை அறிய, அரை மணி நேரம் பின்னூட்டங்களைப் படித்தாலே போதும். "எப்போது சரியாகும்?" என்பது எரிச்சல். "என் பணம் எங்கே?" என்பது இழப்பு. இரண்டாவது வகை நாலைந்து வந்தாலும் நகைச்சுவையைக் கைவிட வேண்டும். முன்பே நேரம் குறித்து வைத்த விளம்பரப் பதிவுகளையும் நிறுத்த வேண்டும்.

பணம் எதுவும் சிக்கவில்லை என்று உறுதியானால், அடுத்த கேள்வி: சிரிப்பு யார் மீது? "நாங்களும் சாப்பிடப் போய்விட்டோம்" என்பது, பசியோடு வரிசையில் நின்றவரிடம் பொறுப்பில்லாமல் பேசுவது. "12.30 முதல் 1.10 வரை சேவை நின்றது, மன்னியுங்கள். உங்கள் மீ கோரெங் ஆறும்வரை காக்க வைத்துவிட்டோம்" என்றால், நேரமும் மன்னிப்பும் முதலில் வருகின்றன, குட்டு நிறுவனத்தின் தலையில் விழுகிறது.

2018 பிப்ரவரியில் பிரிட்டனில் கே.எப்.சி. செய்ததும் இதுதான். விநியோக நிறுவனத்தை மாற்றியதும் கோழி இறைச்சி வந்து சேராமல், நூற்றுக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. பல கடைகள் மீண்டும் திறந்த பின், 23ஆம் தேதி நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் வந்தது. காலி வாளியின் மீது நிறுவனத்தின் எழுத்துகள் இடம் மாறி, ஒரு வசைச்சொல்லை நினைவூட்டின. அதன் கீழே நேரடியான மன்னிப்பு இருந்தது. மக்கள் சிரித்தார்கள், ஏனென்றால் அடி வாங்கியது நிறுவனமே.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பொதுப் பதிவில் சிரிக்கலாம். தனியாகப் புகார் எழுதியவருக்கான பதிலில் சிரிப்பு வேண்டாம். அவருக்குத் தேவை, பணம் திரும்பும் நாள்.