பேசக் கற்பிக்கின்றதா செயலி?

(காவேரிப்பட்டினத்தில் கல்விக் கழக வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் மாலை வகுப்பிற்கு வரும் சகோதரி ஒருவர், சென்ற ஆண்டு ஒருநாள் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்காணல் வரவிருந்தது. ஆங்கிலம் கற்பிக்கும் செயலி ஒன்றை அவர் பணம் கட்டி வாங்கியிருந்தார். “இருநூற்றுப் பத்து நாள் ஒரு நாளும் விடாமல் படித்தேன் ஐயா. திரையில் பதக்கமெல்லாம் வந்திருக்கிறது. ஆனால் அதிகாரி எதிரில் நின்றால் வாய் திறக்கமாட்டேன் என்கிறது. எனக்கு இது ஏறாது போலிருக்கிறது” என்றார்.

அந்தக் கடைசிச் சொற்கள்தாம் என்னை உறுத்தின. ஒரு பொருள் பழுதானால் கடைக்காரரைக் கேட்கிறோம். கல்வி பயன் தராவிட்டால் மட்டும் நம் தலையையே நாம் பழிக்கிறோம். குறை தலையிலா, செயலியிலா என்று அறியும் வழியை இன்று உங்கள் முன் வைக்கிறேன். செயலி சொல்லும் முன்னேற்றம், அது தரும் பயிற்சி, அது கற்பிக்கும் பேச்சு ஆகிய மூன்றையும் சோதித்தல் வேண்டும்.

முதலில் முன்னேற்றத்தைக் காண்போம். இருநூற்றுப் பத்து நாள் என்பது திரை சொல்லும் கணக்கு. நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் என்று கேட்டேன். பேருந்தில் போகும்போது கால் மணி நேரம் என்றார். 210 நாளைக் கால் மணியால் பெருக்கினால் ஏறத்தாழ 52 மணி நேரம். ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட மொழித்திறன் வரையறை, ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகளை வகுத்துள்ளது. தம் அனுபவத்தைக் கோவையாகச் சொல்லி, தம் கருத்துக்குக் காரணமும் கூறுவது மூன்றாம் படியாகிய பி1. நேர்காணலுக்கு வேண்டுவது இதுவே. அடியிலிருந்து தொடங்கும் ஒருவர் ஆசிரியர் துணையோடு அப்படியை எட்ட 350 முதல் 400 மணி நேரம் ஆகலாம் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு நிறுவனத்தின் மதிப்பீடு. நாள்தோறும் கால் மணி என்றால் 350 மணிக்கு 1,400 நாள், அதாவது நான்கு ஆண்டிற்குச் சற்றே குறைவு. எனவே ‘தொண்ணூறு நாளில் சரளம்’ என்னும் விளம்பரத்தைக் கண்டால், நாளும் எத்தனை நிமிடம் என்று கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். தொடர் நாட்கள் நம் விடாமுயற்சியை அளக்கின்றன. நம் மொழித்திறனை அளப்பதில்லை.

ஆய்வு முடிவு என்று காட்டினாலும் அங்கேயும் ஒரு கேள்வி உண்டு. டுவோலிங்கோ என்னும் புகழ்பெற்ற செயலியைப் பற்றி 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் 34 மணி நேரம் ஸ்பானியம் பயில்வது அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் முதல் பருவப் பாடத்திற்கு ஈடாகும் என்று கூறப்பட்டது. அவ்வாய்வை ஏற்பாடு செய்தது அந்நிறுவனமே. அது பொய்யாய்வு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பயன்படுத்திய தேர்வு, இலக்கணமும் சொல்வளமும் படித்தறிதலும் பார்க்கும் தேர்வு, பேச்சைப் பார்ப்பதன்று. எதை அளந்தார்களோ அதற்குத்தான் அந்த எண் பொருந்தும். பேச்சை அளக்காத தராசைக் கொண்டு பேச்சின் எடையைச் சொல்லலாகாது.

இரண்டாவது, பயிற்சி. அச்சகோதரியின் செயலியில் ஒரு பாடத்தைத் திறந்து, வினாக்களை இருவரும் வகைப்படுத்தி எண்ணினோம். இருபது வினாக்களில் பதின்மூன்று, கொடுத்திருக்கும் சொற்களிலிருந்து பொறுக்கி எடுப்பவை. நான்கு, காதால் கேட்டு எழுதுபவை. மூன்று, திரையிலுள்ள வாக்கியத்தை உரக்கப் படிப்பவை. தாமே ஒரு வாக்கியத்தை ஆக்கிச் சொல்லும் வினா ஒன்றுகூட இல்லை.

இதனால் நேரும் கேடு யாது? ‘எந்திரம் நேற்று நின்றுவிட்டது’ என்பதை ஆங்கிலத்தில் அடுக்கச் சொல்கிறது செயலி. வேண்டிய சொற்கள் கீழே சிதறிக் கிடக்கின்றன. பெரிய எழுத்தில் தொடங்கும் சொல் முதலில் வரும் என்று கண் கண்டுகொள்கிறது. இறந்த காலச் சொல் ஆயத்தமாக இருக்கிறது. மீதியை ஊகத்தால் அடுக்கிவிடலாம். தமிழில் வினை கடைசியில் நிற்கிறது. ஆங்கிலத்திலோ எழுவாய்க்குப் பின் உடனே வரவேண்டும். அந்த மாற்றத்தை மனம் தானே செய்து பழகுவதுதான் பேச்சுக்கு அடிப்படை. அவ்வேலையைத் திரை செய்துவிட்டால் மனத்திற்குப் பழக்கம் எங்கிருந்து வரும்? கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதே வாக்கியத்தைச் சொல்லச் சொன்னேன். பச்சைக் குறி வாங்கிய வாக்கியம் பாதியில் நின்றது.

மூன்றாவது, பேச்சு. இந்தச் செயலி பேச்சையும் திருத்தும் என்று விளம்பரம் கூறியது. ‘தொட்டியை நிரப்புகிறேன்’ என்னும் பொருளுடைய ஆங்கில வாக்கியம் திரையில் வந்தது. அதில் டேங்க் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வேண்டுமென்றே பேங்க் என்றேன். பச்சைக் குறியே வந்தது. காரணம் எளிது. என்ன வாக்கியம் வரப்போகிறது என்பது எந்திரத்திற்கு முன்பே தெரியும். நம் ஒலி அதனோடு ஓரளவு இசைந்தாலே ஏற்றுக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். இது பேச்சன்று, வாய்விட்டுப் படித்தலே. வேண்டுமென்றே தவறாகச் சொல்லிப் பார்ப்பது, பணம் கட்டுமுன் யாரும் செய்யத்தக்க சோதனை. எந்திரத்தோடு உரையாடும் வசதியுடைய செயலிகளும் இப்போது வந்துள்ளன. அவற்றையும் இவ்வாறே சோதிக்கலாம்.

நம் பகுதியில் பள்ளிப்படி மிதியாத கூலித் தொழிலாளர் பலர் கன்னடமும் தெலுங்கும் பேசுகிறார்கள். எதிரே நிற்பவர் விடைக்குக் காத்திருந்தார்; விடை சொன்னால்தான் கூலி; அதனால் பேசினார்கள். அந்தக் காத்திருப்பைச் செயலி தரவில்லை.

ஆகவே நாங்கள் ஒரு முறையைக் கையாண்டோம். ‘உங்கள் எந்திரம் நின்றால் என்ன செய்வீர்கள்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டு, ஒரு நிமிட விடையைக் கைப்பேசியில் பதிவு செய்தோம். முதல் சொல் வருவதற்குள் பதினொரு விநாடி சென்றது. பொருள் விளங்கும் வாக்கியங்கள் மூன்றே. அதன்பின் செயலியைச் சொல்வளத்திற்கு மட்டும் வைத்துக்கொண்டார். நாள்தோறும் பத்து நிமிடம் வகுப்புத் தோழி ஒருவர் வேலையைப் பற்றி வினவ, பார்த்துப் படிக்காமல் விடை சொன்னார். மூன்று மாதம் கழித்து, அதே அளவு கடினமான வேறொரு வினாவைக் கேட்டோம். நான்காம் விநாடியில் தொடங்கினார். விளங்கும் வாக்கியங்கள் எட்டு. இலக்கணப் பிழை நிறைய இருந்தது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு எல்லார்க்கும் விதி வகுக்கமாட்டேன். அந்த நேர்காணலில் பதவியும் அவருக்குக் கிடைக்கவில்லை. எனினும் கேட்ட ஐந்து வினாக்களில் நான்கிற்கு விடை சொல்லிவிட்டு வந்தார்.

செயலி வீண் என்று நான் கூறவில்லை. அச்சகோதரி எந்திரத்தின் மேலுள்ள எச்சரிக்கைப் பலகையை இன்று தாமே படிக்கிறார். அது செயலி தந்த நன்மை. அது தந்ததற்கு விலை கொடுக்கலாம். தராததற்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. இனி உங்களில் எவரேனும் பணம் கட்டப் போகிறீர்களானால், விளம்பரத்தின் நாட்களை மணியாக்கிப் பாருங்கள். ஒரு பாடத்தின் வினாக்களை எண்ணிப் பாருங்கள். ஒரு நிமிடம் பேசிப் பதிந்து வைத்து, மாதம் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவில் மாற்றம் இல்லையென்றால் ‘எனக்கு ஏறாது’ என்று சொல்லாதீர்கள். ‘இது பேசக் கற்பிக்கவில்லை’ என்று சொல்லுங்கள். அதுவே உண்மை.