கூட்டம் முடிந்த பிறகு: யார், எப்போது, என்ன ஆயிற்று?

(தோட்டக் கமிட்டிப் பொறுப்பாளர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



கூட்டம் நடத்துவது எப்படி என்று இன்றைக்கு நாங்கள் பேச வரவில்லை. அது உங்களுக்கு நன்றாகவே தெரியும். கூட்டம் கலைந்து, பாய் சுருட்டி, எல்லோரும் லயத்துக்குப் போன பிறகு நடக்க வேண்டியதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

எங்களுடைய கூட்டக் கொப்பிகளைத் திறந்து பாருங்கள். "கூரைத் தகரம் சம்பந்தமாகத் துரையிடம் பேசுவதெனத் தீர்மானிக்கப்பட்டது." "சேவைக்காலப் பணம் சம்பந்தமாக நடவடிக்கை எடுப்பதென முடிவு செய்யப்பட்டது." அழகான வசனங்கள்தான். ஆனால் யார் பேசுவது? யார் நடவடிக்கை எடுப்பது? அது அந்த வசனத்தில் இல்லை. அடுத்த கூட்டத்தில் அதே வசனத்தைத் திரும்ப எழுதுகிறோம்.

பள்ளிக்கூடத்தில் இதைத் தினமும் பார்க்கலாம். மழைச் சாரல் அடிக்கும்போது "பிள்ளைகளே, ஜன்னலைச் சாத்துங்கள்" என்றால் நாற்பது பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னால் ஜன்னல் சாத்தப்பட்டுவிடும். பெரியவர்களும் அப்படித்தான். "சங்கம் பார்க்கும்", "தலைவர்மார் பார்ப்பார்கள்" என்று எழுதினால், ஒவ்வொரு தலைவரும் மற்றவர் பார்ப்பார் என்றே இருப்பார்.

ஒரு தோட்டத்தில் நடந்த ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகப் பார்ப்போம். தோட்டத்தின் பெயரோ ஆட்களின் பெயரோ இங்கே தேவையில்லை. அவர்களுடைய கொப்பியில் மட்டும் எல்லாம் பெயரோடுதான் இருந்தது.

கொழுந்து எடுத்த ஓர் அம்மா, 31 வருட சேவைக்குப் பிறகு வேலையிலிருந்து நின்றார். ஐந்து மாதமாகியும் சேவைக்காலப் பணம் கிடைக்கவில்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஐந்து வருடம் பூர்த்தி செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். வேலையிலிருந்து நின்று 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். 31 வருடம் என்றால் 434 நாள் சம்பளம். ஒரு குடும்பத்துக்கு அது சின்னக் காசல்ல.

5ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கமிட்டி கூடியது. "நடவடிக்கை எடுப்பது" என்று எழுதி முடிக்காமல், அந்த ஒரு வேலையை மூன்றாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு திகதி.

முதலாவது, அடையாள அட்டை, சேமலாப நிதி இலக்கம், கடைசிச் சம்பளத் துண்டுகள், வேலையிலிருந்து நின்ற கடிதம் ஆகியவற்றைச் சேர்த்துப் போட்டோ கொப்பி எடுப்பது. பொறுப்பு அந்த அம்மாவின் மகள். 8ஆம் திகதி, புதன்.

இரண்டாவது, துரைக்குக் கடிதம் எழுதி ஆபிசில் கொடுப்பது. பொறுப்பு ஒரு தலைவர். 10ஆம் திகதி, சம்பள நாள்.

மூன்றாவது, இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு பதிவது. பொறுப்பு மாவட்டப் பிரதிநிதி. 27ஆம் திகதி, திங்கள்.

பொறுப்பாளரை எப்படித் தெரிந்தார்கள் என்பதையும் கவனியுங்கள். கடிதம் எழுதக்கூடிய கெட்டிக்காரி ஒருவர் அங்கே இருந்தார். ஆனால் அவர் கொழுந்து எடுப்பவர். பின்னேர நிறுவை முடிந்து வரும்போது ஆபிஸ் பூட்டியிருக்கும். வேலை நேரத்தில் போனால் அரைப்பேர் போய்விடும். ஆகவே எழுதும் வேலை அவருக்கு, கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு ஸ்டோரில் இரவு வேலை செய்யும் தலைவருக்கு என்று முடிவானது. பகலில் அவரால் ஆபிசுக்குப் போக முடியும். முடியாத ஆளின் பெயரை எழுதினால், பெயர் இல்லாமல் எழுதியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. கூட்டத்துக்கு வராத ஆளின் தலையில் கட்டுவதும் கூடாது. அவர் அங்கேயே இருந்து, தன் வாயால் "சரி, நான் செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஒரு வேலையை இரண்டு பேர் சேர்ந்து செய்யலாம். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஆள் ஒருவர்தான்.

திகதியும் அப்படித்தான். "கூடிய சீக்கிரம்", "சம்பளம் போட்ட பிறகு", "மழை விட்டதும்" என்பவை திகதி அல்ல. கிழமையையும் சேர்த்து எழுதுங்கள். 10ஆம் திகதி வெள்ளி என்று எழுதினால், அது வேலை நாளா, போயாவா, ஆபிஸ் திறந்திருக்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கூட்டம் கலையும் முன் கொப்பி வைத்திருந்த தங்கச்சி மூன்று வரியையும் உரக்க வாசித்தார். பெயர் வந்தவர்கள் தலையாட்டினார்கள். இதற்கு இரண்டு நிமிடம்தான் போனது.

இப்போது விசாரித்துப் பார்க்கும் கட்டத்துக்கு வருவோம். நல்ல கமிட்டிகளும் இங்கேதான் வழுக்குகின்றன. பெயர் எழுதியாகிவிட்டது, திகதி எழுதியாகிவிட்டது, இனி அடுத்த மாதக் கூட்டத்தில் பார்ப்போம் என்று விட்டுவிடுகிறோம். ஒரு மாதம் என்பது மிக நீண்ட இடைவெளி. அந்தக் கமிட்டி ஒவ்வொரு ஞாயிறும் மாலையில் வாசிகசாலையில் கால் மணித்தியாலம் கூடியது. பொறுப்பாளர்களும் கொப்பி வைத்திருப்பவரும் மட்டும் வந்தால் போதும். பேச்சு இல்லை, தேநீர் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்விகள்: முடிந்ததா? முடிந்ததென்றால் காட்டுங்கள். முடியவில்லையென்றால் எது தடுக்கிறது, அடுத்த திகதி எது?

ஞாயிறு வரை காத்திருக்க முடியாத வேலைக்கு, திகதியன்று மாலை ஒரு போன் போதும். 8ஆம் திகதி மாலை தங்கச்சி போன் எடுத்தார். மகள் "எல்லாம் சேர்த்தாச்சு அக்கா" என்றார். "சரி, கொண்டுவாங்க, பார்ப்போம்" என்றார் தங்கச்சி. பார்த்தபோது அடையாள அட்டையில் ஒரு விதமாகவும் சேமலாப நிதிப் பதிவில் வேறு விதமாகவும் பெயர் இருந்தது. எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. செக்ரோலில் யாரோ எழுதியபடி ஒரு பெயர், பிறப்புப் பதிவில் இன்னொரு பெயர். இதைப் பிறகு காரியாலயத்தில் கண்டுபிடித்தால், திருப்பி அனுப்புவார்கள், இன்னும் ஒரு மாதம் போகும். இங்கே மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. உடனே புதிதாக ஒரு வரி எழுதினார்கள்: இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி எடுப்பது, பொறுப்பு மகள், 11ஆம் திகதி சனி. துரைக்குக் கொடுக்கும் கடிதம் இதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்பதால் அந்தத் திகதியை மாற்றவில்லை.

12ஆம் திகதி ஞாயிறு. சத்தியக் கடதாசி வந்துவிட்டது. கடிதம்? "கொடுத்தாச்சு, கிளாக்கர் ஐயா வாங்கிக்கிட்டார்" என்றார் தலைவர். "பிரதி எங்கே?" பிரதியில் கையொப்பமும் இல்லை, சீலும் இல்லை. யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் கொப்பியில் "முடிந்தது" என்று எழுதவும் இல்லை. மறுநாள் 13ஆம் திகதி அவர் பிரதியைக் கொண்டுபோய், திகதியோடு சீல் வாங்கி வந்தார். ஆபிசில் சீல் வைக்க மறுத்திருந்தால் அன்றே பதிவுத் தபாலில் போட்டு, துண்டைக் கொப்பியில் ஒட்டுவதென்று முதலே பேசி வைத்திருந்தார்கள். இரண்டு வாரக் கணக்கு 13இலிருந்து தொடங்கியதால், காரியாலயத்துக்குப் போகும் திகதியை 28க்கு மாற்றினார்கள். பழைய திகதியை அழிக்கவில்லை. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் புதிய திகதியை எழுதினார்கள். ஒரு வேலை எத்தனை தடவை தள்ளிப்போனது என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு தடவைக்கு மேல் தள்ளிப்போனால் அந்த வேலை ஓர் ஆளுக்குப் பெரிது என்று அர்த்தம். பிரித்துக் கொடுங்கள், அல்லது வேறு ஆளிடம் கொடுங்கள்.

24ஆம் திகதி ஆபிசிலிருந்து எழுத்தில் பதில் வந்தது. அடுத்த மாதம் 20ஆம் திகதிக்குள் பணம் கொடுப்பதாக அதில் இருந்தது. இந்த இடத்தில் பல கமிட்டிகள் கைதட்டிக் கொப்பியை மூடிவிடும். ஆனால் அது துரையின் வாக்குறுதி. துரையின் பெயரை எழுதி வைத்தால், அவர் எங்கள் ஞாயிறு கூட்டத்துக்கு வந்து பதில் சொல்லப் போவதில்லை. ஆகவே வெளியாள் தரும் ஒவ்வொரு வாக்குறுதிக்கும், போய்க் கேட்க வேண்டிய எங்கள் ஆளின் பெயரை எழுத வேண்டும். அவர்கள் அப்படித்தான் எழுதினார்கள்: பணம் கிடைத்ததா என்று 20ஆம் திகதி அம்மாவிடம் கேட்பது, பொறுப்பு அதே தலைவர். கிடைக்காவிட்டால் மறுநாள் காரியாலயத்தில் முறைப்பாடு, பொறுப்பு மாவட்டப் பிரதிநிதி. 20ஆம் திகதி பணம் கிடைத்தது. அம்மா கையொப்பம் வைத்து வாங்கிய துண்டின் கொப்பியைப் பார்த்த பிறகுதான் "முடிந்தது" என்ற சொல் எழுதப்பட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கொப்பி எழுதுவதால் எல்லா நிர்வாகமும் காசு கொடுத்துவிடாது. சில இடத்தில் பதிலே வராது. அப்போதும் அந்தக் கொப்பி வீணாகாது. எந்தத் திகதி கேட்டோம், யார் வாங்கினார்கள், எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதெல்லாம் சீலோடு கையில் இருக்கும். தொழில் காரியாலயத்தில் விசாரணைக்குப் போகும்போது அதுதான் எங்களுக்காகப் பேசும். முறைப்பாட்டு இலக்கத்தையும் விசாரணைத் திகதியையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

கேட்கும் முறையும் முக்கியம். "என்ன, இன்னும் செய்யலையா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டால், அடுத்த ஞாயிறு அந்த ஆள் வரமாட்டார், அல்லது "நடக்குது நடக்குது" என்று சமாளிப்பார். "எது தடுக்குது?" என்று கேட்டால் உண்மை வரும். பஸ் காசு இல்லை, கடிதம் எழுதத் தெரியவில்லை, துரை லீவில் இருக்கிறார் என்று சொல்லுவார்கள். இவை எல்லாவற்றுக்கும் வழி உண்டு. மறைத்தால்தான் வழியில்லை.

தேவைப்படுவது ஒரு சீ.ஆர். கொப்பி. பக்கத்துக்கு ஐந்து கோடு: வேலை, பெயர், திகதி, அத்தாட்சி, நிலைமை. கொப்பியை வைத்திருப்பவர் கேள்வி கேட்பவர் மட்டும்தான். எல்லா வேலையையும் அவர் தலையில் போடாதீர்கள்.

வீட்டுக்குப் போனதும் உங்கள் கமிட்டியின் கடைசிக் கூட்டக் குறிப்பை எடுங்கள். "தீர்மானிக்கப்பட்டது" என்று வருகிற ஒவ்வொரு வசனத்துக்குப் பக்கத்திலும் யார், எந்தத் திகதி என்று பென்சிலால் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத வசனங்களை வருகிற ஞாயிறு வாசிகசாலையில் முதலாவதாக எடுங்கள்.