பெயர் எழுத வேண்டாம் என்றால் போதுமா?
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலாகப் பேசு" என்று செயலாளர் சொன்னார். நான் பேசப்போவது ஒரே ஒரு பக்கத் தாளைப் பற்றி. சர்க்யூட் டிசைனைவிட அதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

நோயாளியின் நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் காட்டுகிற மானிட்டர்களைத் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பகுதி நேர ஆராய்ச்சிக்காக ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொண்டேன். தேவையில்லாமல் அடிக்கடி அலாரம் அடித்தால் வார்டு நர்ஸ்கள் என்ன செய்கிறார்கள்? சத்தத்தைக் குறைக்கிறார்களா, நிறுத்திவிடுகிறார்களா? ஒரு மருத்துவமனை, மூன்று வார்டு, 42 நர்ஸ்கள், 15 கேள்விகள். அவ்வளவுதான்.

ஊசி இல்லை, மருந்து இல்லை, இதற்கு எதற்கு எதிக்ஸ் கமிட்டி என்றுதான் முதலில் நினைத்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளைப் படித்ததும் தெளிந்தது. விலக்கு, துரித ஆய்வு, முழுக் குழு ஆய்வு என்று அதில் மூன்று வகை உண்டு. நம்முடையது எந்த வகை என்று முடிவு செய்வது கமிட்டிதான், நாம் இல்லை. கமிட்டியில் டாக்டர்கள் மட்டும் இல்லை. சட்டம் தெரிந்தவர், சமூகவியல் தெரிந்தவர், சாதாரணப் பொதுமக்களில் ஒருவர் எல்லாரும் இருக்க வேண்டும். தலைவர் வெளியிலிருந்து வர வேண்டும்.

விண்ணப்பத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தேன். தகவல் தாளை ஒரு நண்பரின் தாளைப் பார்த்துக் காப்பி அடித்தேன். (கல்லூரிப் பழக்கம், விடவில்லை.) அதில் மூன்று வாக்கியங்கள் கம்பீரமாக இருந்தன: "பெயர் எழுத வேண்டாம், நீங்கள் யார் என்று யாருக்கும் தெரியாது." "எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்." "சம்மதப் படிவத்தில் கையெழுத்திடவும்."

அனுப்புவதற்கு முன் வேறொரு ஊரில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகளிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் கேட்ட முதல் கேள்வியே தூக்கிவாரிப் போட்டது: "அண்ணா, ஐ.சி.யு.வில ஆம்பளை ஸ்டாஃப் எத்தனை பேர்?"

ஒருவர்தான்! என் படிவத்திலோ வார்டு, ஆணா பெண்ணா, வயது, படிப்பு, எத்தனை வருட சர்வீஸ் என்று ஐந்து விவரம் கேட்டிருந்தேன். 14 பேர் இருக்கிற ஐ.சி.யு.வில் "ஆண்" என்று டிக் அடித்தாலே ஆள் தெரிந்துவிடும். 50 வயதுக்கு மேற்பட்ட சிஸ்டரும் அங்கே ஒருவரே. பெயரைக் கேட்காமலேயே நான் பெயரை வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த ஒருவர் "அலாரத்தை ஆஃப் செய்தேன்" என்று டிக் அடித்திருந்தால்? நாளைக்கு ஒரு நோயாளிக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவார்கள்?

உட்கார்ந்து ஒவ்வொரு விவரத்தையும் கேட்டுப் பார்த்தேன்: இது இல்லாவிட்டால் என் ஆராய்ச்சிக் கேள்விக்கு விடை கிடைக்காதா? வயது, ஆண்-பெண், படிப்பு மூன்றும் தேவையே இல்லை, எடுத்துவிட்டேன். சர்வீஸை "5 வருடத்துக்குள்", "5 அல்லது அதற்கு மேல்" என்று இரண்டாக்கினேன். வார்டை ஐ.சி.யு., மற்றவை என்று இரண்டாக்கினேன். மொத்தம் நாலு கட்டம். எந்தக் கட்டத்திலாவது 5 பேருக்குக் குறைவாக வந்தால் அதைத் தனியாக வெளியிட மாட்டேன் என்று விண்ணப்பத்திலேயே எழுதினேன்.

அவளே இன்னொன்றும் சொன்னாள்: "கடைசியில 'உங்கள் கருத்து'ன்னு நாலு கோடு விட்டிருக்கே. எங்க இன்சார்ஜ் தினமும் எங்க நோட்ஸைப் படிக்கிறாங்க. கையெழுத்தைப் பார்த்தே யாருன்னு சொல்லிடுவாங்க." அதனால், எழுதுவதை நானே டைப் செய்துகொள்வேன், மூலத்தாளை மருத்துவமனையில் யாருக்கும் காட்ட மாட்டேன் என்று தகவல் தாளில் சேர்த்தேன். "நோயாளி பெயர், பெட் நம்பர் எழுத வேண்டாம்" என்றும் சேர்த்தேன்.

அப்புறம்தான் விண்ணப்பம் போனது. ஆனாலும் கமிட்டி திருப்பி அனுப்பியது. இரண்டு ஆட்சேபணை.

முதலாவது: "பெயரில்லாத தாளைப் பெட்டியில் போட்ட பிறகு ஒருவர் விலக விரும்பினால், எந்தத் தாளை எடுத்துக் கொடுப்பீர்கள்?" பதில் இல்லை. பெயரும் தெரியாது, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற இரண்டு வாக்குறுதியும் ஒன்றாக நிற்காது. "பெட்டியில் போடும் வரை விலகலாம்; போட்ட பிறகு உங்கள் தாள் எதுவென்று எங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது" என்று மாற்றினேன். கையெழுத்துப் படிவமும் அதே கதைதான். மொத்த ஆய்விலும் பெயர் இருக்கும் ஒரே காகிதம் அதுதான். கையெழுத்து வேண்டாம், தகவல் தாளைப் படித்துவிட்டு நிரப்பிப் போடுவதையே சம்மதமாக எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும் என்று காரணத்தோடு கேட்டேன். கொடுத்தார்கள். நண்பர்களே, அதைக் கமிட்டி கொடுக்க வேண்டும். நாமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது ஆட்சேபணை கடுமையானது. படிவங்களை நர்சிங் சூப்பரின்டெண்டெண்ட் கொடுத்து வாங்குவார் என்று எழுதியிருந்தேன். எனக்கு வசதி. ஆனால் மேலதிகாரி நீட்டுகிற தாளை எந்த சிஸ்டர் வேண்டாம் என்பார்? மேலதிகாரிக்குக் கட்டுப்பட்டு வேலை செய்கிறவர்களைத் தனிக் கவனத்தோடு நடத்த வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆர். நெறிமுறையும் சொல்கிறது. "விருப்பம் இருந்தால் மட்டும்" என்று தாளில் அச்சடித்தால் விருப்பம் வந்துவிடாது.

மாற்றிய ஏற்பாடு இது. டூட்டி மாறும் நேரத்தில், இன்சார்ஜ் இல்லாதபோது, நானே போய் விளக்கி ஆளுக்கு ஒரு கவர் கொடுப்பது. இரண்டு நாள் கழித்து எல்லாரும் கவரை ஒட்டிப் பூட்டிய பெட்டியில் போடுவது. விருப்பம் இல்லாதவர் வெற்றுத் தாளையே வைத்து ஒட்டிப் போடலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கவரும் ஒன்றுதான். நான் மானிட்டர் கம்பெனி ஆள் என்பதையும் முதல் பத்தியிலேயே போட்டேன். அவர்கள் பதிலால் லாபம் அடையக்கூடியவன் கேட்கிறான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமே!

அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் வார்டுக்குள் போனேன். விளக்கி முடித்ததும் ஒரு சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்: "நான் எழுதலைன்னா மேடத்துக்குத் தெரியுமா சார்?"

"தெரியாது சிஸ்டர். எனக்கே தெரியாது" என்றேன். பழைய தாளை வைத்துக்கொண்டு நின்றிருந்தால் அந்தப் பதில் பொய்யாகியிருக்கும்.

பெட்டியைத் திறந்தபோது 42 கவர் இருந்தன. அதில் 9 வெற்றுத் தாள்கள். என் கைடு, "என்னப்பா, ஒன்பது வீணாப் போச்சே" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டாம் என்று நினைத்த ஒன்பது பேர் பயமில்லாமல் வேண்டாம் என்று சொல்ல முடிந்திருக்கிறது. அதனால்தான் மற்ற 33 தாள்களில் இருந்த "ஆஃப் செய்தேன்" என்ற டிக்கை நான் நம்புகிறேன்.

நமது கல்லூரியில் இப்போது பிராஜெக்ட் செய்யும் தம்பி தங்கைகள் மருத்துவமனைப் பக்கம் போனால், தகவல் தாளைக் கமிட்டிக்கு அனுப்பும் முன், அந்த வேலையில் இருக்கும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். என் தாளின் முதல் ஓட்டையை ஒரு நர்ஸ்தான் கண்டுபிடித்தாள்.