கிளைத்தலும் கூடுதலும்: கணினிக் கதைகளில் உரையாடல் மரம்



நாடகம் எழுதுபவர் உரையாடலில் இருவரது கூற்றையும் தாமே தீர்மானிக்கிறார். ஒருவரது கூற்றைப் படிப்பவரிடமே விட்டுவிடும் எழுத்துவகை ஒன்றும் இன்று உண்டு. பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுகளில் அதனைக் காணலாம். ஒரு பாத்திரம் பேசியதும், ஆடுபவர் கூறத்தக்க மறுமொழிகள் சில திரையில் வரிசையாகத் தோன்றும். அவர் ஒன்றைத் தேர்ந்தால் அதற்குரிய விடை வரும். மீண்டும் மறுமொழிகள் தோன்றும். இவ்வமைப்பை உரையாடல் மரம் என்பர். இம்மரம் எழுதுபவரின் கைக்கு அடங்காமல் வளர்ந்துவிடாதபடி காப்பது எவ்வாறு என்பதே என் பேச்சின் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். நகர வாயிலில் காவலன் ஒருவன் நிற்கிறான். அவனோடு நிகழும் பேச்சு ஐந்து படிகள் கொண்டது. படிதோறும் மூன்று மறுமொழிகள். ஒவ்வொரு மறுமொழியும் தனிக்கிளையாகப் பிரியுமானால், முதற்படியில் 3, பின்னர் 9, 27, 81, 243 என வளர்ந்து மொத்தம் 363 மறுமொழிகளை எழுத வேண்டும். ஆடுபவரோ ஒருமுறை செல்கையில் ஐந்தை மட்டுமே தேர்வார்.

ஆகவே எழுத்தாளர்கள் கிளைகளை மீண்டும் கூடச் செய்கின்றனர். "எங்கிருந்து வருகிறாய்?" என்று காவலன் வினவுகிறான். உண்மை சொன்னால் தலையசைக்கிறான். பொய் சொன்னால் முகத்தை உற்று நோக்குகிறான். சொல்ல மறுத்தால் ஈட்டியைக் குறுக்கே நீட்டுகிறான். மூன்றும் முடிந்தபின், "உள்ளே என்ன வேலை?" என்ற ஒரே வினாவில் வந்து சேர்கின்றன. படிதோறும் இவ்வாறு கூடினால் 15 மறுமொழிகளே போதும். காப்பியத்தின் கிளைக்கதை முடிந்ததும் மூலக்கதைக்கு மீள்வதைப் போன்றது இது.

இங்கே ஓர் ஐயம் எழும். எவ்வழியே சென்றாலும் ஒரே இடம்தான் என்றால், தேர்வு என்பது வெறும் ஏமாற்றன்றோ? உண்மையில் அவ்வாறு ஆகிவிடும் ஆட்டங்களும் உள. அதற்கு மாற்று, நினைவு. 'பொய் சொன்னான்' என்பதை நிரல் ஒரு குறியாகப் பதித்துக்கொள்ளும். மறுநாள் சந்தையில் காவலன் எதிர்ப்படும்போது, "நீ சொன்ன ஊரில் உன்னை யாருக்கும் தெரியவில்லையே" என்கிறான். ஒரே வரிதான்; ஆயினும், தாம் சொன்ன சொல்லுக்குப் பயன் விளைந்தது என்று ஆடுபவர் உணர்கிறார்.

குறிகளும் பெருகும் என்பதை மறத்தல் ஆகாது. ஆம், இல்லை என்னும் இருநிலைக் குறிகள் பத்து இருந்தால் 1,024 சேர்க்கைகள் உண்டாகும். அவை அனைத்தையும் ஆடிச் சோதித்துப் பார்ப்பது அரிது. எனவே ஒரு வரி ஓரிரு குறிகளை மட்டுமே நோக்குமாறு எழுதுவர். ஒரே தன்மையுள்ள சிறு செயல்களை ஓர் எண்ணாகத் திரட்டுவதும் உண்டு. காவலனின் நம்பிக்கை ஓர் எண்ணாயின், குறைவு, நடுத்தரம், மிகுதி என மூன்று விடைகள் எழுதினால் போதும்.

எஸ்தோனிய எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் முதன்மை எழுத்தாளராக இருந்து 2019இல் வெளிவந்த டிஸ்கோ எலிசியம் மற்றொரு வழியைக் காட்டுகிறது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்ட ஆக்கம் அது. நினைவிழந்த துப்பறிவாளன் ஒருவனே தலைவன். ஏரணம், ஒத்துணர்வு முதலிய அவனுடைய 24 திறன்களும் அவன் உள்ளத்தினுள் குரல்களாகப் பேசுகின்றன. ஒரு திறன் போதிய அளவு உயர்ந்திருந்தால் மட்டும், உரையாடலின் இடையே அதன் வரி தோன்றும். பின்னர்ப் பேச்சு பழைய தண்டிற்கே திரும்பும். தண்டு ஒன்றே, ஆயினும் இருவர் படிக்கும் உரை ஒன்றாவதில்லை.

பிழைகள் புகும் இடங்கள் மூன்று. முதலாவது, கூடும் இடத்து வரி ஏதேனும் ஒரு கிளைக்குப் பொருந்தாமற் போவது. ஈட்டியை நீட்டியவன் அடுத்த நொடியே இன்முகத்துடன் வினவினால் பாத்திரம் சிதைந்துவிடும். அவ்வரியை ஒவ்வொரு கிளையின் இறுதியோடும் சேர்த்து வாய்விட்டுப் படித்தால் இது புலப்படும். இரண்டாவது, இன்னும் சந்திக்காத ஒருவரைச் சந்தித்ததாகப் பாத்திரம் பேசுவது. ஒரு நிபந்தனை விடுபட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். மூன்றாவது, எல்லா மறுமொழிகளும் நிபந்தனைக்கு உட்பட்டு, எதுவும் தோன்றாமல் ஆடுபவர் சிக்கிக்கொள்வது. எனவே, "சென்று வருகிறேன்" போன்ற ஒரு மறுமொழியையேனும் நிபந்தனையின்றி வைப்பர்.

சில தேர்வுகள் கூடவே முடியாதவை. காவலன் கொல்லப்பட்டால் மறுநாள் சந்தையில் அவன் தோன்ற இயலாது; ஈட்டியை வேறொருவர் ஏந்தவேண்டும், அவனது வீட்டில் துயரம் நிகழவேண்டும். இத்தகைய பிரிவுகளைச் சிலவாகவும், பெரும்பாலும் கதையின் இறுதியை ஒட்டியும் அமைக்கின்றனர். அதற்குப்பின் எழுதவேண்டிய காட்சிகள் குறைவு என்பதே காரணம். எங்கே கூட்டலாம், எங்கே கூட்டினால் பொய்யாகும் என்று பிரித்தறிவதே இவ்வெழுத்தாளரின் முதற்பணி.